இரண்டு கடை, ஒரே ஸ்டாக் லிஸ்ட்: எந்த வழியில் சேர்ப்பது?

பெரியப்பாவுக்கு இரண்டு ஹார்டுவேர் கடைகள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழைய கடை, பைபாஸில் புதுக் கடை. பழைய கடையின் லிஸ்டைத் தட்டியவர் முப்பது வருடமாகக் கவுன்ட்டரில் நிற்கும் அண்ணன். புதுக் கடையில் அந்த வேலையைச் செய்தது காமர்ஸ் படித்த ஒரு பையன். அவர் `CPVC ELBOW 3/4"` என்று எழுதியதை இவன் `Elbow 20mm (CPVC)` என்று எழுதியிருந்தான். இரண்டும் ஒரே சாமான். அங்கே 1,142 வரி, இங்கே 867 வரி. "ரெண்டையும் ஒண்ணாக்கிக் கொடுப்பா" என்று பென்டிரைவை என் கையில் கொடுத்தார்கள்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எக்செல் ஃபார்முலாவா, பவர் க்வெரியா, ஓப்பன்ரிஃபைன் என்கிறார்களே அதுவா, இல்லை உட்கார்ந்து கையாலேயே முடித்துவிடலாமா என்பதுதான். நான்கையும் அந்த ஃபைல்களில் போட்டுப் பார்த்தவன் என்கிற முறையில் எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், தவறு நடந்தால் எந்தப் பக்கம் நடக்கிறது என்பது. இங்கே இரண்டு வகைத் தவறு உண்டு. ஒரே சாமான் இரண்டு வரியாகவே தங்கிவிடுவது ஒன்று. இரண்டு வெவ்வேறு சாமான் ஒரே வரியாக ஒட்டிக்கொள்வது இன்னொன்று. முன்னது சின்னத் தொந்தரவு, கண்ணில் பட்ட அன்று சேர்த்துவிடலாம். பின்னது அப்படியில்லை. 16 ஆம்பியர் எம்சிபியும் 10 ஆம்பியர் எம்சிபியும் ஒரே வரிக்குள் போய்விட்டால், எது எத்தனை இருந்தது என்று லிஸ்டைப் பார்த்துப் பிரிக்க முடியாது. குடோனுக்குப் போய் எண்ண வேண்டும். அதனால் ஒரு வழி எத்தனை வரிகளைச் சேர்த்துத் தருகிறது என்பதைவிட, சேர்க்கக் கூடாததைச் சேர்க்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இரண்டாவது, தடம். புது லிஸ்டில் ஒரு வரியைக் காட்டி "இந்த 237 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் பழைய வரிகளைக் காட்ட முடிய வேண்டும். மூன்றாவது, இது ஒரு தடவை வேலையா, மாதாமாதம் வருமா என்பது. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: யார் உட்கார்ந்து செய்யப் போகிறார்கள்? சாமான் தெரிந்தவருக்கு எக்செல் தெரியாது. எக்செல் தெரிந்தவருக்குச் சாமான் தெரியாது. இந்த இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கிற வழிதான் தேறும்.

## எந்த வழியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

இரண்டு கடை லிஸ்டையும் ஒரே நாள் இரவு, கடை சாத்திய பிறகு எடுங்கள். ஒன்று சனிக்கிழமை, மற்றொன்று திங்கட்கிழமை என்றால், நடுவில் விற்றதும் ஒரு கடையிலிருந்து மற்றதற்குப் போனதும் இரண்டு தடவை எண்ணப்படும், அல்லது ஒரு தடவைகூட எண்ணப்படாது. மூல ஃபைல்களை அப்படியே பூட்டி வைத்துவிட்டு, நகலில் ஒவ்வொரு வரிக்கும் எந்தக் கடை (`BS` அல்லது `BP`), பழைய ஃபைலில் எத்தனையாவது வரி என்று இரண்டு காலம், அதாவது நெடுவரிசை, சேர்த்துவிடுங்கள். தடம் என்று நான் சொன்னது இதுதான்.

அடுத்தது அளவு. பைபாஸ் கடைப் பையன் அளவுக்கென்று தனிக் காலம் வைத்திருந்தான், நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தக் காலத்தில் `1/2` என்று தட்டியதை எக்செல் தேதி என்று நினைத்து `01-Feb` ஆக்கிவிட்டது. `3/4` போய் `03-Apr` ஆகியிருந்தது. `1 1/2` மட்டும் 1.5 என்ற எண்ணாக மாறியிருந்தது. அரை இன்ச் எல்போ எல்லாம் பிப்ரவரி முதல் தேதியில் கிடந்தன. தேதியாகிவிட்ட செல்களுக்கு மட்டும் இதைப் போட்டால் மீட்டுவிடலாம்:

```
=TEXT(B2,"d\/m")
```

நம் ஊர் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் நாள் முன்னால், மாதம் பின்னால் இருக்கும். அமெரிக்க முறை அமைப்பாக இருந்தால் `"m\/d"` என்று போட வேண்டும். வந்த விடையை மதிப்பாக ஒட்டி வைத்துக்கொண்ட பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

அளவில் இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது, அதைத் தோண்டியது எக்செல் இல்லை. சிபிவிசி பைப்பில் 20 மி.மீ. என்றால் முக்கால் இன்ச், 25 மி.மீ. என்றால் ஒரு இன்ச். தோட்டத்துக்குப் போகும் சாதா பிவிசி பைப்பை வெளி விட்டத்தை வைத்துச் சொல்வார்கள். அதில் 25 மி.மீ. என்றால் முக்கால் இன்ச், ஒரு இன்ச்சுக்கு 32 மி.மீ., இரண்டு இன்ச்சுக்கு 63 மி.மீ. ஆக, "25 மி.மீ. எல்போ" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த இன்ச் என்பது எந்தக் கடைக்காரர் எழுதினார் என்பதைப் பொறுத்தது. பழைய கடையில் பைப் சாமான் எல்லாம் இன்ச்சில்தான் இருந்தது. பதினான்கு வரி மட்டும் மி.மீ. அந்தப் பதினான்கையும் அண்ணன் வாயால் கேட்டுத்தான் எழுதினேன். மி.மீ.யை இன்ச்சாக மாற்ற ஒரே அட்டவணை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால் இங்கேதான் வழுக்கும். சிபிவிசிக்கு ஒன்று, சாதா பிவிசிக்கு ஒன்று என இரண்டு அட்டவணை வேண்டும்.

கடைசியாக அலகு. ஒயரை ஒருவர் காயில் கணக்கில் எழுதியிருந்தார், மற்றவன் மீட்டர் கணக்கில். 90 மீட்டர் காயில் நான்கும், அறுத்து விற்ற மிச்சம் 35 மீட்டரும் சேர்ந்தால் 395 மீட்டர். அப்படியே கூட்டினால் 39 என்று வரும், 39 என்ன என்று யாருக்கும் தெரியாது. ஸ்க்ரூவில் பெட்டியும் எண்ணிக்கையும், பைப்பில் லென்த்தும் அடியும் இதே கதை. பெயரைத் தொடுவதற்கு முன் அலகை ஒன்றாக்கிவிடுங்கள்.

## வழி 1: வரிசைப்படுத்தி, கண்ணால் பார்த்து, கையால் சேர்ப்பது

இரண்டையும் ஒரே ஷீட்டில் ஒட்டி, பெயர்வாரியாக வரிசைப்படுத்தி, அடுத்தடுத்து வருவதைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே போவது. இருநூறு முந்நூறு வரிகள், ஒரே ஒரு தடவை, சாமான் தெரிந்தவரே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. மற்ற வழிகளைக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் இது முடிந்துவிடும்.

ஆனால் வரிசைப்படுத்துதல் முதல் எழுத்திலிருந்துதான் பார்க்கும். `CPVC ELBOW` ஒரு கோடியில், `Elbow 20mm (CPVC)` இன்னொரு கோடியில் நிற்கும். இருபது வரிக்குள் இருப்பதைக் கண் பிடிக்கும், நானூறு வரி தள்ளி இருப்பதைப் பிடிக்காது. அதைவிட முக்கியம், இதில் தடம் இருக்காது. இரண்டு வரியைக் கூட்டி ஒன்றை அழித்துவிட்டால், அந்த முடிவை ஏன் எடுத்தோம் என்பது எங்கும் பதிவாகாது. ஐந்நூறாவது வரியில் டீ குடிக்கப் போய்விட்டு வந்தால், எதைச் சேர்த்தோம் எதை விட்டோம் என்பதே சந்தேகமாகிவிடும். நான் முதல் நாள் இப்படித்தான் ஆரம்பித்தேன். `E` எழுத்தைத் தாண்டுவதற்குள் ஃபைலை மூடிவிட்டு மூலத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

## வழி 2: மேப் ஷீட்டும் தேடல் ஃபார்முலாவும்

இதில் எந்த வரியையும் அழிப்பதில்லை, கூட்டுவதும் இல்லை. `Map` என்று ஒரு தனி ஷீட்டில் இடது பக்கம் பழைய பெயர், வலது பக்கம் புதுக் குறியீடு. அவ்வளவுதான். பழைய பெயர்கள் எத்தனை விதமாக இருந்தாலும், ஒவ்வொன்றும் எந்தக் குறியீட்டைச் சேர்ந்தது என்று ஒரு தடவை எழுதிவிடுகிறோம். மிச்ச வேலையை ஃபார்முலா செய்யும்.

`Stock` ஷீட்டில் கடை `A` காலத்திலும், பெயர் `B` காலத்திலும் இருந்தால், `C` காலத்தில் தேடல் சாவி. `Map`-இன் இடது பக்கமும் பழைய பெயரை இதே சாவி வடிவில், மதிப்பாக ஒட்டி வைக்க வேண்டும்:

```
=A2&"|"&UPPER(TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(B2,CHAR(160)," "),""""," INCH")))
```

கடையின் பெயரைச் சாவியில் சேர்ப்பது ஏன் என்றால், அந்த 25 மி.மீ. எல்போ விவகாரம்தான். ஒரே எழுத்து இரண்டு கடையில் இரண்டு சாமானைக் குறிக்கலாம். `CHAR(160)` என்பது பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்தோ வெப் பக்கத்திலிருந்தோ ஒட்டும்போது கூடவே வரும் ஒரு வகை இடைவெளி. பார்ப்பதற்குச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும், `TRIM` அதைத் தொடாது. "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு, ஏன் சேர மாட்டேங்குது" என்று அரை மணி நேரம் திரையை முறைப்பவர்களுக்குப் பாதி நேரம் காரணம் அதுதான்.

`D` காலத்தில் குறியீடு:

```
=XLOOKUP(C2,Map!$A:$A,Map!$B:$B,"?")
```

இரண்டு கடையும் சேர்ந்த புது லிஸ்டான மாஸ்டர் ஷீட்டில், குறியீடு `A` காலத்திலும், அலகு மாற்றிய இருப்பு `Stock` ஷீட்டின் `E` காலத்திலும் இருந்தால்:

```
=SUMIFS(Stock!$E:$E,Stock!$D:$D,A2)
```

பழைய எக்செலில் `XLOOKUP` இருக்காது, `VLOOKUP` போட வேண்டும். ஹார்டுவேர்காரர்கள் அங்கே ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ரெடியூசிங் டீயின் அளவை நாம் `TEE 1*3/4` என்று நட்சத்திரம் போட்டு எழுதுவோம். `VLOOKUP` அந்த நட்சத்திரத்தை "நடுவில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்" என்று படிக்கும். ஒன்றுக்கு முக்கால் டீயைத் தேடினால், மேப்பில் முன்னால் நிற்கும் `TEE 1 1/2*3/4` கிடைத்ததும் அதையே கொடுத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. `XLOOKUP`-இல், நாமாகக் கேட்டாலொழிய, இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் நட்சத்திரத்தை முதலில் `X` ஆக்கிவிடுவது நல்லது. ஆனால் `Find & Replace`-இல் `*` என்று மட்டும் போட்டால் செல்லில் உள்ள மொத்தமும் `X` ஆகிவிடும், `~*` என்று போட வேண்டும். `VLOOKUP`-இன் கடைசி `FALSE`-ஐ விட்டுவிட்டால் அது தோராயமாகத் தேடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு மேப்பை நிரப்புவதில் இருக்கிறது. 2,009 வரிக்கும் யாராவது ஒருவர் குறியீடு சொல்ல வேண்டும். எங்களுக்கு நான்கு மாலைப் பொழுது ஆனது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "எஃப்டிஏ-ன்னா என்னண்ணே?" "பித்தளை மரை உள்ள இருக்கும் பாரு, அது. அந்தத் தம்பி `Female Threaded Adapter`-னு முழுசா எழுதியிருப்பான்." இந்த ஒரு பதிலை எந்த ஃபார்முலாவும் சொல்லியிருக்காது.

பதிலுக்குக் கிடைப்பது பெரியது. `?` என்று நிற்கும் வரிகள்தான் மிச்ச வேலை, அது எவ்வளவு என்று எப்போதும் தெரியும். ஒரு வரியைத் தவறாக இணைத்திருந்தால் மேப்பில் ஒரு செல்லை மாற்றினால் போதும், கூட்டல் தானாகச் சரியாகிவிடும். அடுத்த மாதம் லிஸ்ட் மறுபடி வந்தால், புதிதாக வந்த பெயர்கள் மட்டும் `?` என்று நிற்கும். எக்செல் இல்லையென்றால் கூகுள் ஷீட்ஸிலும் இதே ஃபார்முலாக்கள் ஓடும்.

## வழி 3: பவர் க்வெரியின் தோராயப் பொருத்தம்

எக்செல் 365-இல் `Data` மெனு வழியாகப் பவர் க்வெரிக்குள் போய், `Merge Queries` பெட்டியில் `Use fuzzy matching to perform the merge` என்பதை டிக் செய்தால், எழுத்துக்கு எழுத்து சரியாக இல்லாத பெயர்களையும் அது ஜோடி சேர்க்கும். எவ்வளவு ஒத்திருந்தால் ஜோடி என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 0.80, முழுதாகப் பொருந்த வேண்டுமென்றால் 1.

பெயர்கள் நீளமாக, சொற்களாக இருக்கும் லிஸ்டில் இது அருமையாக வேலை செய்யும். `COUPLING` என்பதை `COUPLNG` என்று தட்டியிருந்தாலும் பிடித்துவிடும். ஹார்டுவேரில் நிலைமை வேறு. நம் சாமான்களுக்குள் வித்தியாசம் சொல்லில் இல்லை, எண்ணில் இருக்கிறது. `MCB SP 16A`, `MCB SP 10A` இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வேறு, சாமானோ வேறு வேறு. `FTA`, `Female Threaded Adapter` இரண்டுக்கும் எழுத்தில் ஒற்றுமையே இல்லை, சாமான் ஒன்று. ஒட்டக் கூடாததை ஒட்டும், ஒட்ட வேண்டியதை விடும்.

இதற்கு அதிலேயே இரண்டு மருந்து உண்டு. ஒன்று, அளவையும் ஆம்பியரையும் தனிக் காலமாகப் பிரித்துக்கொண்டு, அந்தக் காலம் அச்சாகப் பொருந்தும் வரிகளுக்குள் மட்டும் பெயரைத் தோராயமாகப் பொருத்துவது. மற்றொன்று, `From`, `To` என்ற தலைப்பில் இரண்டு காலம் உள்ள ஒரு மாற்றுப் பட்டியலைக் கொடுப்பது. `FTA`-வை முழுப் பெயராக்கு என்று அதில் எழுதிவிடலாம். கவனித்தால் தெரியும், இது வழி 2-இன் மேப் ஷீட்டேதான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

இன்னொரு விபத்து கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பழைய கடையின் ஒரு வரிக்குப் புதுக் கடையில் மூன்று ஜோடி கிடைத்தால், பழைய கடை வரி மூன்று தடவை வரும். 140 எல்போ 420 ஆகிவிடும். `Maximum number of matches`-ஐ 1 என்று வைத்தால் பெருக்கம் நிற்கும், ஆனால் மற்ற இரண்டு ஜோடிகள் சத்தமில்லாமல் விடுபடும். அதோடு, இணைக்கும் வகை சாதாரணமாக `Left Outer` என்று இருக்கும். அதில் முதல் லிஸ்டில் இல்லாத, இரண்டாவது கடையில் மட்டும் உள்ள சாமான்கள் வராமலே போய்விடும். பைபாஸ் கடையில் மட்டும் விற்கும் டைல்ஸ் பசை எங்கே போனது என்று தேடினவன் நான்.

அப்படியானால் எதற்கு இது? யோசனை சொல்ல. மேப்பில் `?` என்று நிற்கும் வரிகளை மட்டும் இதற்குள் அனுப்பி, "இதுவாக இருக்குமோ" என்று ஒரு காலத்தில் காட்டச் சொல்லி, அண்ணன் ஆம் இல்லை சொல்வது. எங்களுக்கு ஒரு மாலைப் பொழுது இதனால் மிச்சமானது. மாதாமாதம் இரண்டு ஃபைல் வந்து `Refresh` அழுத்தினால் போதும் என்ற நிலைமை இருந்தால், ஒட்டுவதையும் கூட்டுவதையும் பவர் க்வெரிக்கே கொடுத்துவிடலாம். அப்போதும் ஜோடி சேர்ப்பது தோராயத்தில் வேண்டாம், மேப்பை வைத்து நடக்கட்டும்.

## வழி 4: ஓப்பன்ரிஃபைன்

இலவச மென்பொருள். பிரவுசரில் திறந்தாலும் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுகிறது, கடையின் விலைப் பட்டியல் வெளியே போகாது. இரண்டு லிஸ்டையும் ஒன்றாக ஏற்றி, பெயர்க் காலத்தை நகலெடுத்து, நகலில் `Edit cells` → `Cluster and edit` என்று போனால், ஒரே மாதிரியான பெயர்களைக் கொத்துக் கொத்தாகக் காட்டும். எந்தக் கொத்தைச் சேர்ப்பது என்று டிக் செய்வது நாம்.

அதன் முதல் முறைக்கு `fingerprint` என்று பெயர். பெயரைச் சின்ன எழுத்தாக்கும், புள்ளி, அடைப்புக்குறி, மேற்கோள் எல்லாவற்றையும் நீக்கும், சொற்களை அகர வரிசையில் அடுக்கும். அதனால் `CPVC ELBOW 3/4"`, `Elbow 3/4 (C.P.V.C)` இரண்டுமே `34 cpvc elbow` ஆகி ஒரே கொத்தில் விழும். சொல் முன்பின் மாறிக் கிடக்கும் லிஸ்டுக்கு இதைவிட வேகமானது நான் பார்த்ததில்லை. எங்கள் ஃபைலில் முதல் அரை மணி நேரத்தில் கிடைத்த ஜோடிகளைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்புறம்தான் ஒயர் வந்தது. `WIRE 2.5 SQMM`, `WIRE 25 SQMM` இரண்டும் ஒரே கொத்தில் நின்றன. புள்ளியை நீக்கினால் 2.5 என்பது 25 தானே. முன்னது வீட்டில் ப்ளக் பாயின்ட்டுக்கு இழுப்பது, பின்னது மெயின் லைனுக்குப் போகிற தடியான கேபிள், விலை எங்கேயோ நிற்கும். `Select All` அழுத்தியிருந்தால் இரண்டும் ஒன்றாகியிருக்கும். புள்ளியையும் சாய்கோட்டையும் முன்னமே வேறு எழுத்தாக மாற்றிக்கொண்டால் (2.5 என்பதை `2P5`, 3/4 என்பதை `3BY4` என்று) இந்தக் கண்டம் தப்பும். `Levenshtein` போன்ற அடுத்த முறைகள் பவர் க்வெரியைப் போலவே எழுத்து வித்தியாசத்தைப் பார்ப்பவை, 16A-10A பிரச்சினை அங்கேயும் காத்திருக்கும். 20 மி.மீ.யும் முக்கால் இன்ச்சும் ஒன்று என்பது எந்த முறைக்கும் தெரியாது.

தடம் விஷயத்தில் இதற்கு நல்ல மதிப்பெண். செய்த ஒவ்வொரு மாற்றமும் `Undo / Redo` பட்டியலில் நிற்கும், எந்தப் படிக்கும் திரும்பலாம். மறைந்திருக்கும் செலவு, கடையில் வேறு யாருக்கும் இது தெரியாது என்பது. நீங்கள் ஊருக்குப் போய்விட்டால் அடுத்த தடவை யார் திறப்பது? கூட்டல் கழித்தலுக்கு எப்படியும் எக்செலுக்கே திரும்ப வேண்டும். பல ஆயிரம் வரிகள், பல பேர் பல வருடமாகத் தட்டிய குப்பை, ஒரே தடவை சுத்தம் செய்தால் போதும் என்ற இடத்தில் முதல் சலிப்புக்கு இதுதான் சிறந்தது.

## ஒரே பார்வையில்

| | கையால் | மேப் ஷீட் | பவர் க்வெரி தோராயம் | ஓப்பன்ரிஃபைன் |
|---|---|---|---|---|
| தவறாக ஒட்டும் ஆபத்து | களைப்பைப் பொறுத்தது | குறைவு | அதிகம், அளவைப் பிரித்தால் குறையும் | நடுத்தரம், எண்களில் அதிகம் |
| தடம் | இல்லை | முழுதாக | படிகள் மட்டும் | முழுதாக |
| அடுத்த மாதம் மறுபடி | முதலிலிருந்து | புதுப் பெயர்கள் மட்டும் | `Refresh` | படிகளை மறுபடி ஓட்டலாம், கொத்துகளைப் பார்க்க வேண்டும் |
| யார் வேண்டும் | சாமான் தெரிந்தவர் | இருவரும் சேர்ந்து | எக்செல் நன்றாகத் தெரிந்தவர் | கற்றுக்கொள்ளத் தயாரான ஒருவர் |
| பொருந்தும் இடம் | 300 வரிக்குள், ஒரே தடவை | பெரும்பாலான கடைகள் | யோசனை சொல்ல, மாதாந்தர வேலை | பெரிய, குப்பையான லிஸ்ட் |

என் ஓட்டு மேப் ஷீட்டுக்கு. ஓப்பன்ரிஃபைனோ பவர் க்வெரியோ அதை நிரப்ப உதவும் ஆட்களாக இருக்கட்டும்.

## ஒரு எல்போவை முழுதாகப் பார்ப்போம்

முக்கால் இன்ச் சிபிவிசி எல்போ எங்கள் லிஸ்டில் மூன்று வரியாக இருந்தது. பஸ் ஸ்டாண்ட் கடையில் `CPVC ELBOW 3/4"` 140, கொள்முதல் 18 ரூபாய். பைபாஸில் `Elbow 20mm (CPVC)` 85, `C.P.V.C Elbow 3/4` 12, இரண்டும் 21 ரூபாய்.

கடைக்குக் கடை உள்ள இரட்டிப்பைக் கூட்டலாம், அவை இரண்டு இடத்தில் உண்மையாகவே இருக்கும் சாமான். ஒரே கடைக்குள் இருக்கும் இரட்டிப்பைக் கூட்டும் முன் நிற்க வேண்டும். அந்த 12 தனிப் பெட்டியில் இருக்கும் பன்னிரண்டா, அல்லது 85-க்குள் ஏற்கனவே எண்ணியதை யாரோ மறுபடி எழுதியதா? லிஸ்ட் இதற்குப் பதில் சொல்லாது. பையனை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். தனிப் பெட்டிதான், கல்லாவுக்குப் பக்கத்தில் சில்லறை விற்பனைக்கு வைத்தது. ஆக 140, 85, 12, மொத்தம் 237.

விலையில்தான் பலர் சறுக்குவார்கள். 18-க்கும் 21-க்கும் நடுவில் 19.50 என்று போட்டால், 237-க்கு 4,621.50 வரும். உண்மையில் போட்ட பணம் 140 × 18 = 2,520, 97 × 21 = 2,037, மொத்தம் 4,557. ஒரு எல்போவில் 64.50 ரூபாய் ஆகாயத்திலிருந்து முளைக்கிறது. அதனால் மாஸ்டரில் விலையைச் சராசரி போடாதீர்கள். ஒவ்வொரு பழைய வரியின் மதிப்பையும் கூட்டி, இருப்பால் வகுங்கள். 4,557-ஐ 237-ஆல் வகுத்தால் 19.23.

இதிலிருந்தே கடைசிச் சோதனையும் கிடைக்கிறது. இரண்டு பழைய லிஸ்ட்டின் மொத்த மதிப்பும் மாஸ்டரின் மொத்த மதிப்பும் ரூபாய் வரை சமமாக இருக்க வேண்டும். நிஜமான இரட்டை எழுத்து என்று நீங்களே நீக்கிய வரிகளின் மதிப்பை மட்டும் தனியாகக் கழித்துக் காட்டலாம். மாஸ்டர் கூடுதலாக வந்தால் ஏதோ வரி பெருகியிருக்கிறது, குறைந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. தவறாக ஒட்டிய சாமானை மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, மொத்தம் அதில் மாறாது. அதற்கு வேறொரு வடிகட்டி: ஒரே குறியீட்டுக்குக் கீழே உள்ள வரிகளில் மிகக் குறைந்த விலையும் மிக அதிக விலையும் இரண்டு மடங்குக்கு மேல் விலகினால் எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு அப்படி ஒன்பது குறியீடுகள் சிக்கின. அதில் ஆறு, பெட்டி விலையும் ஒற்றை விலையும் கலந்தது. இரண்டு, வேறு வேறு பைப்கள் ஒன்றாகிவிட்டது. ஒன்று மட்டும் நிஜமாகவே பழைய விலை.

## லிஸ்டில் இல்லாததை எந்த வழியும் தராது

பைபாஸ் கடை லிஸ்டில் சுவிட்சுகளுக்குப் பிராண்ட் பெயரே இல்லை. `6A switch 1way` என்று 210 இருந்தது. பஸ் ஸ்டாண்ட் கடையில் அதே சுவிட்ச் நான்கு பிராண்டில் நான்கு விலையில் நான்கு வரி. வாங்க வருகிறவர் பிராண்ட் சொல்லித்தான் கேட்பார், அப்படியானால் பிராண்ட் வேறு என்றால் சாமானும் வேறுதான். இந்த 210-ஐ எந்த நான்கில் போடுவது? மேப்பும் தோராயமும் கொத்தும் இங்கே கைவிரித்துவிடும்.

இப்படிப்பட்ட வரிகள் லிஸ்டில் கால் பங்குக்கு மேல் இருந்தால், இணைக்கும் வேலையையே விட்டுவிட்டு, காலி லிஸ்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாக எண்ணிவிடுவது மேல். மார்ச் 31 பக்கத்தில் இருந்தால் எப்படியும் ஸ்டாக் எடுக்க வேண்டும், அன்றைக்கே புதுக் குறியீட்டில் எண்ணிவிடலாம். எங்களுக்கு அப்படிப்பட்டவை சுவிட்ச், சாக்கெட் பகுதியில் மட்டும் நாற்பத்து சொச்சம் வரிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அந்த ஒரு சுவரை மட்டும் எண்ணினோம். 210 என்று எழுதியிருந்தது 196 தான் இருந்தது. அந்தப் பதினான்கு எங்கே என்று பெரியப்பா பையனைப் பார்த்தார், பையன் கூரையைப் பார்த்தான்.

அதன் பிறகும் பதினொரு வரிகள் `?` என்றே நின்றன. `OLD VALVE MISC` என்று ஒன்று, `Sample` என்று இரண்டு, இப்படி. அவற்றை எதனோடும் ஒட்டவில்லை, தனித்தனிக் குறியீடு கொடுத்து அப்படியே மாஸ்டரில் சேர்த்துவிட்டேன். யாராவது அதைக் கேட்டு வாங்க வருகிற அன்றைக்கு அது என்ன என்று தெரிந்துவிடும்.